பேக்கிங், சர்வீஸ், டெலிவரி: கூடுதல் காசை முதலிலேயே சொல்வது எப்படி?



முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கத்தில் முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி, மசாலாத் தூள் செய்யும் குழுக்கள் பலவும் இப்போது போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று: "நல்லாத்தான் பேசினாங்க, விலையும் சரின்னு சொன்னாங்க. மொத்தம் எவ்வளவுன்னு அனுப்பினதும் பதிலே காணோம்."

வாங்க வந்தவர் கடைசி நேரத்தில் ஏன் போய்விடுகிறார்? அதற்கு நாம் என்ன செய்யலாம்? இந்த மாதப் பாடம் இதுதான். ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

ஒரு ஆர்டர், இரண்டு விலை

ஒரு குழு கை முறுக்கு அரை கிலோ 160 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு தாம்பரத்தில் இருந்து ஒரு அம்மா 2 பாக்கெட் கேட்கிறார். அவர் மனசில் போட்ட கணக்கு 320 ரூபாய். முகவரி வாங்கிய பிறகு குழுவில் இருந்து இப்படிச் செய்தி போகிறது: முறுக்கு 320, பேக்கிங் 30, சர்வீஸ் 20, டெலிவரி 60, மொத்தம் 430.

அதாவது 110 ரூபாய் அதிகம். பொருள் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அம்மாவிடம் 430 ரூபாய் இல்லாமல் இல்லை. முதலிலேயே 430 என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார். 320 என்று மனசில் முடிவு செய்த பிறகு மூன்று தடவை ஏற்றியதுதான் அவருக்குச் சங்கடம். "இன்னும் என்னென்ன சேர்ப்பாங்களோ" என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த முறையும் கேட்க மாட்டார். அக்கம்பக்கத்திலும் அப்படியே சொல்வார்.

மூன்று செலவையும் பிரித்துப் பார்ப்போம்

இந்த 110 ரூபாயும் உண்மையான செலவுதான். அதை விட்டுவிட்டால் குழுவுக்கு நஷ்டம். எந்தக் காசு எங்கே சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும். இதற்கு ஒரு சுலபமான விதி: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆகும் செலவு பொருள் விலைக்குள் போக வேண்டும். தூரத்தைப் பொறுத்து மாறும் செலவு மட்டும் தனியாக நிற்கலாம்.

பேக்கிங்: பவுச்சும் லேபிளும் பாக்கெட்டுக்கு 8 ரூபாய். கவர் இல்லாமல் முறுக்கை யாரும் கையில் வாங்கப் போவதில்லை. ஆகவே இது பொருள் விலையின் ஒரு பகுதிதான். வெளி அட்டைப்பெட்டியும் டேப்பும் ஆர்டருக்கு 14 ரூபாய். இது வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் வரும் செலவு. அதனால் டெலிவரியோடு சேர்க்கலாம்.

சர்வீஸ்: ஆர்டருக்கு 20 ரூபாய் எதற்கு என்று கேட்டால், போன் எடுக்கும் உறுப்பினரின் நேரத்துக்கும் ரீசார்ஜுக்கும் என்று சொல்வீர்கள். நியாயம்தான். ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அந்தச் சர்வீஸ் தெரியவே தெரியாது. அவரை அதிகம் உறுத்துவதும் இந்த வரிதான். ஆர்டருக்குச் சராசரி 2 பாக்கெட் போகிறது என்றால், பாக்கெட்டுக்கு 10 ரூபாய் என்று விலைக்குள் சேர்த்துவிட்டு, இந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

இப்போது முறுக்கின் விலை 160 + 8 + 10 = 178. முழுசாக 180 ரூபாய்.

டெலிவரி: முன்பு ஆர்டர் வரும்போதெல்லாம் தனித்தனியாகப் போனார்கள். 60 ரூபாய் வாங்கியும் ஆளுக்கும் பெட்ரோலுக்கும் கட்டவில்லை. அதற்குப் பதில் செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் சாயங்காலத்தோடு ஆர்டர் முடிந்தது. முடிச்சூரில் இருந்து மேற்கு தாம்பரம், பெருங்களத்தூர் வழியாக ஒரு சுற்று 15 கிலோமீட்டர் என்று வைத்தால், ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் சுமார் 35 ரூபாய், ஒன்றரை மணி நேரக் கூலி 120 ரூபாய், மொத்தம் 155. அதில் 5 ஆர்டர் போனால் ஒன்றுக்கு 31 ரூபாய். அட்டைப்பெட்டி 14 சேர்த்தால் 45.

இப்போது அந்த அம்மாவின் கணக்கு: முறுக்கு 360, டெலிவரி 45, மொத்தம் 405. முன்பைவிட 25 ரூபாய் குறைவு. அதுவும் முதல் செய்தியிலேயே தெரிந்த தொகை.

ஒன்றை மறக்கக் கூடாது. 5 ஆர்டர் சேராமல் 3 ஆர்டரோடு கிளம்பினால் அன்றைக்கு 62 ரூபாய் கையைக் கடிக்கும். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சராசரி 5-க்குக் கீழே இருந்தால் வாரத்துக்கு ஒரே நாள் என்று மாற்றுங்கள், அல்லது 45-ஐ 55 ஆக்குங்கள். எதைச் செய்தாலும் முன்கூட்டியே அறிவித்துச் செய்யுங்கள். வாசலில் நின்றுகொண்டு "இன்னைக்கு ஆர்டர் கம்மி, பத்து ரூபா சேர்த்துக் குடுங்கம்மா" என்று கேட்கவே கூடாது.

கூரியரில் ஏன் கணக்கு தப்புகிறது?

வெளியூர் ஆர்டரில் "பேக் பண்ணி எடை போட்ட பிறகு சொல்றோம்" என்று சொல்வது வழக்கம். அதிர்ச்சி அங்கேதான் வருகிறது. முறுக்கு எடையில் குறைவு, இடத்தை அதிகம் அடைக்கும். கூரியர்காரர்கள் பலரும் எடையைப் பார்ப்பதோடு பெட்டியின் அளவையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் வருவது "அளவு எடை". நிஜ எடை, அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

30 × 25 × 20 பெட்டியைப் பெருக்கினால் 15,000. 5000-ஆல் வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ முறுக்குதான் என்றாலும் 3 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதே முறுக்கு 25 × 20 × 15 பெட்டியில் அடங்கினால் ஒன்றரை கிலோதான்.

ஆகவே குழுவில் இரண்டே அளவுப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பாக்கெட் பிடிக்கும் என்று அடுக்கிப் பாருங்கள். பெட்டிகளைக் கூரியர் கவுண்டருக்கே எடுத்துப் போய், தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு, வெளி மாநிலம் எவ்வளவு, அளவை எதனால் வகுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். யார் போன் எடுத்தாலும் அட்டையைப் பார்த்து அந்த நிமிடமே சொல்லிவிடலாம்.

முதல் செய்தி எப்படி இருக்க வேண்டும்?

படத்துக்குக் கீழேயே இப்படி எழுதுங்கள்:

கை முறுக்கு அரை கிலோ 180 ரூபாய் (பேக்கிங் சேர்த்து).
டெலிவரி: முடிச்சூருக்குள் 20 ரூபாய். மேற்கு தாம்பரம், பெருங்களத்தூர் 45 ரூபாய். எத்தனை பாக்கெட் வாங்கினாலும் ஒரே தொகை.
நேரில் வந்து வாங்கினால் டெலிவரி இல்லை.
உதாரணம்: மேற்கு தாம்பரத்துக்கு 2 பாக்கெட், மொத்தம் 405 ரூபாய். வேறு கட்டணம் எதுவும் இல்லை.

கடைசி வரியில் உள்ள உதாரணத்தை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். மொத்தத் தொகையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

மறைத்து விற்றால் லாபம்தானே?

சிலர் இப்படிக் கேட்பார்கள். கேள்வியில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்கும் நிறுவனம் 2015-ல் ஒரு சோதனை செய்தது. சிலருக்குக் கட்டணத்தை முதலிலேயே காட்டியது, சிலருக்குக் கடைசியில் காட்டியது. கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 20 சதவீதம் அதிகமாகச் செலவு செய்தார்கள்.

ஆனால் பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குபவருக்கு வேறு வழியில்லை, ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டார். நம் முறுக்குக்கு அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கிறது. நம் வியாபாரம் நிற்பது அதே வீட்டுக்காரர் மாதாமாதம் திரும்பக் கேட்பதில்தான். டிக்கெட் விற்பனையில்கூட, 2025 மே மாதம் முதல் முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்துவிட்டது.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விலையைத் துளித்துளியாக ஏற்றிக் கடைசியில் முழுத் தொகை காட்டுவது தவறான விற்பனை முறை என்று சேர்க்கப்பட்டுள்ளது. ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அதே ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது.

இன்னொன்று. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சடித்திருந்தால் பொருளுக்கு அதற்கு மேல் வாங்கக் கூடாது. "எம்.ஆர்.பி. 160, பேக்கிங் 8" என்று பில் போடுவது தவறு. பேக்கிங்கைச் சேர்த்தே எம்.ஆர்.பி. போட வேண்டும்.

மாற்றம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்?

ஆர்டர் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: விலை கேட்டவர், மொத்தம் கேட்டவர், வாங்கியவர். முதல் மாதம் பழைய முறையில் எழுதுங்கள், அடுத்த மாதம் புதிய முறையில். மொத்தம் கேட்ட பிறகு நின்றுபோனவர்கள் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. விலையைப் பார்த்ததுமே நிறையப் பேர் நின்றுவிட்டால் நோய் வேறு. விலையே அதிகம், அல்லது பாக்கெட் பெரிசு. 180-க்குத் தயங்குபவர் கால் கிலோ பாக்கெட்டை வாங்கக் கூடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. கடைசியாக வந்த 10 ஆர்டரின் செய்திகளைப் படித்து, முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் சொன்ன தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள்.
2. பவுச், லேபிள், அட்டைப்பெட்டி பில்லை எடுத்து, பாக்கெட்டுக்கு எவ்வளவு, ஆர்டருக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்.
3. டெலிவரி நாள், வழி, தொகை மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு தொகை சொல்வது அன்றோடு நிற்கும்.