பக்கத்து வீட்டு இந்திக்காரருக்கு ஒரு தண்ணீர்ச் சீட்டு

தண்ணீர் வரும் நேரத்தை இந்தியில் எழுதித் தர, முதலில் தமிழ் வாக்கியத்தைச் செப்பனிடுங்கள். ‘காலைல ஆறரைக்கு மோட்டார் போட்டுடுவாங்க, பிடிச்சு வச்சுக்கோங்க’ என்பதில் எதைப் பிடிப்பது, எத்தனை மணி வரை வரும் என்ற விவரமே இல்லை. நமக்குப் புரியும்; மொழிபெயர்ப்பில் தடுமாறும். ‘பானி சுபஹ் 6:30 சே 7:30 தக் ஆயேகா. க்ருபயா பர் லீஜியே’ என்பதைத் தேவநாகரியில் எழுதினால் போதும். ‘பர் லீஜியே’ நம் ‘பிடிச்சுக்கோங்க’ போல மரியாதையானது. ‘பர் லோ’ ஒருமையில் சொல்வதுபோல் ஒலிக்கும்.

ஆங்கிலத்திலேயே எழுதலாமே எனலாம். ஆனால் குழாயைத் திறப்பவர் இந்தி மட்டுமே வாசிக்கும் பெரியவராக இருக்கலாம். ஒருநாள் மட்டும் நேரம் மாறினால், ‘நாளை’ என்று எழுதாமல் தேதியைப் போடுங்கள். சீட்டு மறுநாளும் கதவில் ஒட்டியே இருக்கும்.