குடும்ப மருத்துவருக்கு ஒரு மடல்

நோயைக் கண்டறியும் முறையைப் பற்றி நமக்கு நூல்கள் பல உண்டு. கண்டறிந்த பின் அந்நோயாளியின் குடும்ப மருத்துவருக்கு மடல் எழுதுவது எங்ஙனம் என்று எவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. பெங்களூரில் நாளமில்லாச் சுரப்பித் துறையில் பயிற்சி பெறத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் ஒரு மடலில் செய்த பிழையையும், அதன் பிறகு எழுதிய மற்றொரு மடலையும் இங்குச் சொல்ல விழைகிறேன். இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை. அதன் பெயர் முதல்நிலை ஆல்டோஸ்டிரோனிசம். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்பவர் இதை முதலில் விளக்கியதால், கான் நோய் என்றும் கூறுவர்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்துள்ள இரண்டு அட்ரினல் சுரப்பிகளும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை வெளியிட, அதன் ஏவலால் ஆல்டோஸ்டிரோன் பெருகி, உப்பை உடலில் நிறுத்திப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. இதுவே இயல்பு. இந்நோயிலோ ஏவுவார் இன்றியே சுரப்பி சுரந்துகொண்டிருக்கிறது. உப்பு தேங்க, இரத்த அழுத்தம் ஏறுகிறது; ரெனின் அடங்கிவிடுகிறது; சிலருக்குப் பொட்டாசியமும் குறைகிறது. எஜமான் உறங்க வேலையாள் ஓயாது உழைக்கும் நிலை இது என்று எங்கள் ஆசிரியர் சொல்வார்.

என் முதல் மடல் ஓர் அம்மையாரைப் பற்றியது. நான்கு பக்கம் எழுதினேன். சோதனைகளையெல்லாம் வரிசையாக விளக்கி, கடைசி வரியில், "ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராம் சேர்க்கப்பட்டுள்ளது, மற்றவை முன்போலவே" என்று முடித்தேன். அந்த 'மற்றவை'யில் பொட்டாசியம் குளோரைடு சிரப்பும் இருந்தது. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனைத் தடுத்துப் பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் மருந்து. அதனுடன் பொட்டாசியத்தையும் ஊட்டினால் என்ன ஆகும்? குடும்ப மருத்துவர் நான் எழுதியபடியே செய்தார், அவர்மேல் குற்றமில்லை. பதினெட்டாம் நாள் அந்த அம்மையார் தளர்ச்சியோடு வந்தபோது பொட்டாசியம் 6.4. இதயத் துடிப்புப் படத்தில் அலைகள் கூராக எழுந்திருந்தன. அன்றிரவே சிகிச்சை தந்து அவரைக் காப்பாற்றினோம். ஆயினும் அந்த இரண்டு சொற்களை நான் மறக்கவில்லை.

இனி இரண்டாம் நோயாளி. இன்னார் என்று அறியக்கூடிய குறிப்புகளை மாற்றியே கூறுகிறேன். ஸ்ரீராமபுரம் பகுதியில் வாழும் தமிழர்; அச்சகத் தொழிலாளி; வயது 46. ஆறு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு. மூன்று மருந்துகள் உண்டும் அழுத்தம் 164/102. இரவில் கெண்டைக்காலில் பிடிப்பு. மூன்று முறை சிறுநீருக்கு எழவேண்டும். பொட்டாசியம் 3.1 மட்டுமே; குறைந்தது 3.5 இருக்க வேண்டும். குளோர்தலிடோன் என்னும் நீர்மாத்திரையால் குறைந்திருக்கலாம் என்று எண்ணிய குடும்ப மருத்துவர், அதை நான்கு வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தார். அப்போதும் 3.2. உடனே எங்களிடம் அனுப்பினார். நோயைப் பாதி கண்டுபிடித்தவர் அவரே என்பேன்.

நான் முதலில் கேட்ட கேள்வி அதிமதுரத்தைப் பற்றியது. இருமலுக்கென்று அதை நாள்தோறும் மென்று வருவோருக்கும் இதே போன்று அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் குறையும். ஆனால் அவர்களுக்கு ஆல்டோஸ்டிரோனும் அடங்கியிருக்கும். இவர் அதை உண்டதில்லை. பின்னர் சிரப்பினால் பொட்டாசியத்தை 4.1-க்கு உயர்த்திய பிறகே குருதி எடுத்தோம். பொட்டாசியம் குறைவாயிருந்தால் ஆல்டோஸ்டிரோன் பொய்யாகக் குறைந்து காட்டும். முடிவு: ஆல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 28 நானோகிராம், ரெனின் செயல்திறன் 0.2-க்கும் கீழ். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 140-க்கு மேல் வருகிறது. 30-ஐக் கடந்தாலே ஐயம் கொள்வோம். அவர் உண்டுவந்த டெல்மிசார்டான் ரெனினை உயர்த்தும் மருந்து. அதையும் மீறி ரெனின் அடங்கிக் கிடந்தது சான்றை இன்னும் வலுவாக்கியது. மருந்தின் தூண்டலின்றியே பொட்டாசியம் குறைவு, அளக்க இயலா ரெனின், 20-க்கு மேற்பட்ட ஆல்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும் சேர்ந்ததால், உப்புநீர் ஏற்றி உறுதிசெய்யும் சோதனை தேவைப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் ரெனினின் செயல்திறனை அளக்கின்றன. சில அதன் அளவையே நேரடியாக அளக்கின்றன. இரண்டின் அலகுகளும் வேறு. ஒன்றுக்குரிய எல்லை எண்ணை மற்றொன்றுக்கு வைத்து நோயில்லை என்று சொல்லிவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

சி.டி. படத்தில் இடப்பக்க அட்ரினலில் 11 மில்லிமீட்டர் கட்டி ஒன்று தெரிந்தது. தீங்கற்ற தோற்றம். டெக்சாமெதசோன் சோதனையில் கார்ட்டிசோல் மிகை இல்லை என்றும் தெரிந்தது. நான் மகிழ்ந்தேன், அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கருதினேன். ஆசிரியரோ தலையசைத்தார். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வேலையற்ற கட்டிகள் அட்ரினலில் இருப்பது அரிதன்று; படம் கட்டியைக் காட்டும், அது சுரக்கிறதா என்பதைக் காட்டாது என்றார். ஆகவே இரு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே குருதி எடுத்தோம். வலப்பக்கச் சிரை மிகக் குட்டையானது. பெருஞ்சிரையில் நேரே திறப்பது. குழாயை அதில் நுழைப்பதே இச்சோதனையின் கடினமான பகுதி. குழாய் உரிய இடத்தில்தான் இருந்ததா என்பதற்குக் கார்ட்டிசோல் சாட்சி. வலப்பக்கம் கார்ட்டிசோல் 700, இடப்பக்கம் 660, பெருஞ்சிரையில் 20. முப்பது மடங்குக்கும் மேல். எனவே குழாய் தவறவில்லை. ஆல்டோஸ்டிரோன் வலப்பக்கம் 4,200, இடப்பக்கம் 4,950. ஒவ்வொன்றையும் அவ்வப்பக்கத்துக் கார்ட்டிசோலால் வகுத்தால் வலத்துக்கு 6, இடத்துக்கு 7.5. ஒரு பக்கம் மற்றதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால்தான் ஒருபக்க நோய் என்போம். இங்கே ஒன்றேகால் மடங்குதான். இரு சுரப்பிகளுமே குற்றவாளிகள்! படத்தை மட்டும் நம்பி இடப்பக்கத்தை வெட்டியிருந்தால், ஒரு சுரப்பியை இழந்தும் நோயோடு வீடு திரும்பியிருப்பார். ஆகவே அறுவை வேண்டா. மருந்தே வழி என்று முடிவாயிற்று.

அன்றே எழுதிய மடல் இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். ஒரே பக்கம்தான், செய்யவேண்டியது முதலில், காரணம் பின்னால்.

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய நோயாளிக்கு முதல்நிலை ஆல்டோஸ்டிரோனிசம் உறுதியாகியுள்ளது, இரு அட்ரினல்களும் பங்குகொள்கின்றன, அறுவையால் பயனில்லை. இடப்பக்கக் கட்டி தீங்கற்றது. மீண்டும் படம் எடுக்க வேண்டுவதில்லை.

இன்று முதல் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம், காலையில் ஒன்று. பொட்டாசியம் சிரப்பை இன்றோடு அறவே நிறுத்திவிட்டோம். அருள்கூர்ந்து மீண்டும் தர வேண்டா. குளோர்தலிடோன் நிறுத்தியது நிறுத்தியதே. டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 10 தொடரட்டும்.

பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஏழாம் நாளிலும் நான்காம் வாரத்திலும் தங்களிடமே சோதிக்க வேண்டுகிறோம். மாத்திரையின் அளவை மாற்றும்போதெல்லாம் இதே முறை. நிலைபெற்ற பின் நான்கு மாதத்திற்கு ஒருமுறை. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தி எங்களை அழையுங்கள். 6-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கையை இறுகக் கட்டி எடுத்த குருதியும், சிவப்பணுக்கள் உடைந்த குருதியும் பொய்யாக மிகுத்துக் காட்டும். ஐயமிருந்தால் அன்றே மறுபடி எடுக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டா. கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. இதுவரை மிகை அழுத்தத்தில் வடிகட்டிய சிறுநீரகம் தன் உண்மை நிலையைக் காட்டுகிறது. முப்பது விழுக்காடு வரை பொறுக்கலாம்.

நம் இலக்கு 130/80-க்குக் கீழான அழுத்தம், சிரப்பின்றியே இயல்பான பொட்டாசியம், மூன்றாம் மாதத்தில் 1-க்கு மேல் எழுந்த ரெனின். ரெனின் அடங்கியே இருந்தால் மருந்து போதவில்லை என்று பொருள். எங்கள் அனுமதியோடு 50, 100 என உயர்த்துவோம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு கண்ட நாட்களில் ஸ்பைரோனோலாக்டோனையும் டெல்மிசார்டானையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைத் தவிர்க்கவும். மார்பு நோகிறதா, பருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தாங்களாகவே கேளுங்கள். ஆண்கள் நாணத்தால் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவர். அப்படி நேர்ந்தால் எப்ளெரினோனுக்கு மாற்றலாம். ஆண்டுக்கொருமுறை நாடியின் ஒழுங்கைப் பார்க்கவும். இந்நோயில் இதயத் துடிப்புத் தாறுமாறாவது அதிகம். அவருடைய தம்பிக்கும் இரத்தக் கொதிப்பு உண்டாம். அவருக்கும் இச்சோதனை செய்வது நன்று."

மடல் அத்தோடு முடிந்தது. ஆசிரியர் படித்துவிட்டு ஒன்றே கேட்டார்: "வீட்டில் எந்த உப்பு?" நான் கேட்கவில்லை. வெளியே அமர்ந்திருந்த நோயாளியின் மனைவியிடம் ஓடினேன். "டாக்டர் தம்பி, பிரஷருக்கு நல்லதென்று போன மாதம்தான் சோடியம் குறைந்த உப்புக்கு மாறினோம்" என்றார் அந்த அம்மா. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருக்கிறார்கள். ஏனையோருக்கு நன்மை தரக்கூடும்; ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்டானும் சேர்த்து உண்பவருக்கு அது மறைமுகமான சிரப்பு. "வழக்கமான உப்பையே வாங்குங்கள் அம்மா, அளவை மட்டும் பாதியாகக் குறையுங்கள், ஊறுகாயும் அப்பளமும் அன்றாடம் வேண்டா, இளநீரும் எப்போதாவதுதான்" என்றேன். மடலின் கீழே கையால் ஒரு வரி சேர்த்தேன்: "பொட்டாசியம் கலந்த உப்பை நிறுத்தச் சொல்லியுள்ளோம், உறுதிசெய்யவும்."

ஏழாம் நாள் குடும்ப மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். பொட்டாசியம் 4.6, கால்பிடிப்பு இல்லை, அழுத்தம் 148/94. நான்காம் வாரம் 50 மில்லிகிராமுக்கு உயர்த்தினோம். மூன்றாம் மாதம் அழுத்தம் 128/80, ரெனின் 1.3. ஆம்லோடிபினை 5 ஆக்கினோம். மார்பு நோகிறதா என்று மருத்துவர் கேட்டதற்கு, அவர் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "இடப்பக்கம் கொஞ்சம் நோகிறது சார், சொல்லலாமா என்று பார்த்தேன்" என்றாராம். இப்போது எப்ளெரினோன் உண்கிறார். விலை மிகுதிதான், மாத்திரையை நிறுத்தவில்லை. தம்பியும் சென்ற வாரம் சோதனைக்கு வந்திருந்தார்.