‘பார்க்கலாம்’ என்ற பதிலுக்கு அப்பால்: பயிற்சிச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் முறை

நாக்பூரில் இயந்திர உதிரிபாகங்களை வாங்கி விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் கணக்குப் பிரிவில் பணிபுரியும் மூத்த கணக்கர் ஒருவர், ஒரு நாள் மாலை வீட்டுக்குப் புறப்படும் வேளையில் தம் மேலாளரிடம் இவ்வாறு சொல்கிறார்:

“சார், எக்செல்லில் இப்போது நல்ல வகுப்புகள் நடக்கின்றனவாம். நாங்களும் ஒன்று படித்தால் வேலை கொஞ்சம் சுலபமாகும்.”

“ஆமாம், நல்லதுதான். பார்க்கலாம்” என்கிறார் மேலாளர்.

மூன்று மாதங்கள் கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. மேலாளர் மறுத்துவிட்டார் என்று கணக்கர் எண்ணுகிறார். உண்மையில் அவர் மறுக்கவில்லை. ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய கேள்வி எதுவும் அவரிடம் கேட்கப்படவே இல்லை.

பெரும்பாலான நிறுவனங்களில் மேலாளர் தாமாகவே பணம் ஒதுக்கிவிட முடியாது. அவர் நிதித் தலைவரிடம் சென்று நிற்க வேண்டும். அங்கே நான்கு கேள்விகள் எழும்: எவ்வளவு? யாருக்கு? எதற்கு? இப்போது ஏன்? கணக்கர் சொன்ன இரண்டு வரிகளில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஆகவே, கோரிக்கையை எழுதும்போது மேலாளரை மட்டும் மனத்தில் கொள்ளாமல், அவருக்கு அப்பால் அமர்ந்து அந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் இன்னொருவரையும் மனத்தில் கொண்டு எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகளை ஒரு பக்கக் கோரிக்கையாக மாற்றுவதே இந்தப் பாடம்.

முதற்படி: ‘வேலை சுலபமாகும்’ என்பதை எண்ணாக்குதல்

எந்த வேலை கடினமாக இருக்கிறது என்று கணக்கரைக் கேட்டால், கொள்முதல் பில்களைச் சரிபார்ப்பது என்பார். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி, ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கை உருவாகிறது. நிறுவனத்துக்குப் பொருள் விற்றவர்கள் பதிவேற்றிய பில்கள் அதில் இருக்கும். அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவை அந்த மாதம் எடுக்க இயலாது. மாதந்தோறும் கணக்கு அளிப்போர் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எனவே, இடைப்பட்ட ஆறு நாட்களில் ஏறத்தாழ 600 பில்களைத் தம் கொள்முதல் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் நேரத்தைத் தின்பது கூட்டல் கழித்தல் அன்று. பில் எண்ணை எழுதும் விதம். பதிவேட்டில் `45` என்று இருப்பது, விற்றவரின் பதிவேற்றத்தில் `INV/0045` என்று இருக்கும். இரண்டும் ஒரே பில் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும். எக்செல்லின் சாதாரணத் தேடல் சூத்திரத்துக்குத் தெரியாது. எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி என்ற வசதியைக் கொண்டு இத்தகைய எண்களை ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, இரு பட்டியல்களையும் இணைக்கலாம். ஒருமுறை அமைத்துவிட்டால், அடுத்த மாதம் புதிய கோப்புகளை வைத்துப் புதுப்பித்தால் போதும். கணக்கர் கற்க விரும்புவது இதைத்தான். ‘எக்செல் வகுப்பு’ என்று பொதுவாகச் சொன்னபோது இந்தச் செய்தி மறைந்துபோயிற்று.

அடுத்து, நேரத்தை அளக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதும் எண் முதல் கேள்வியிலேயே ஆட்டங்காணும். நம் கணக்கர் மூன்று மாதங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்துவந்தார். இருவர் சேர்ந்து செலவிட்டவை 46, 51, 47 மணி. சராசரி 48 மணி. நிறுவனத்துக்கு ஒருவரால் ஆகும் மாதச் செலவு 36,000 ரூபாய். வேலை நேரம் மாதம் 200 மணி. அப்படியானால் ஒரு மணிக்கு 180 ரூபாய். இந்தச் சரிபார்ப்புக்கு மட்டும் மாதம் 8,640 ரூபாய் மதிப்புள்ள உழைப்பு செல்கிறது.

இரண்டாம் படி: செலவை மறைக்காமல் காட்டுதல்

இணையவழி நேரலை வகுப்பு இரண்டு நாள். ஒருவருக்குக் கட்டணம் 9,000 ரூபாய். 18 விழுக்காடு வரியோடு 10,620 ரூபாய். இருவருக்கு 21,240 ரூபாய். பலர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவர். ஆனால், அந்த இரண்டு நாட்களும் இருவரும் வேலையில் இருக்க மாட்டார்கள். அந்த 32 மணி நேரத்தின் மதிப்பு 5,760 ரூபாய். அதையும் நாமே எழுதிவிட வேண்டும். இல்லையேல், நிதித் தலைவர் அதைக் கண்டுபிடித்த பிறகு மற்ற எண்களையும் ஐயத்தோடு நோக்குவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. கட்டணத்தில் உள்ள வரி 3,240 ரூபாயை, மற்ற கொள்முதல்களைப் போலவே நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதைக் கழித்தால் கட்டணம் 18,000 ரூபாய்; வேலை நேரத்தையும் சேர்த்து உண்மைச் செலவு 23,760 ரூபாய்.

மூன்றாம் படி: பயனைக் குறைத்தே சொல்லுதல்

இங்கேதான் நல்ல கோரிக்கைகளும் சறுக்குகின்றன. கடந்த காலாண்டில் 62,000 ரூபாய் வரி வரவை உரிய மாதத்தில் எடுக்க முடியாமற் போயிற்று என்று கொள்வோம். ‘பயிற்சி இருந்திருந்தால் 62,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்’ என்று எழுதக் கை துடிக்கும். அது தவறு. விற்றவர் பில்லைப் பதிவேற்றிய பின், அந்த வரவைப் பிந்தைய மாதத்தில் எடுக்கலாம். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள்ளும் எடுக்கத் தவறினால்தான், பொதுவாக அது முற்றிலும் கைநழுவும். அதுவரை அது தாமதமே தவிர இழப்பு அன்று. இரண்டு மாதத் தாமதத்தை, வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று கொண்டு கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான் வரும். மேலும், விற்றவர் பதிவேற்றாததை நம் கணக்கர் எந்த வகுப்புக்குச் சென்றாலும் மாற்ற முடியாது.

ஆகவே பயனை நேரத்தில் மட்டும் காட்டுவோம். வகுப்பு நடத்துவோர் எவ்வளவு சொன்னாலும், நாம் பாதியளவே எதிர்பார்க்கலாம்: 48 மணி 24 மணியாகும். மாதம் 4,320 ரூபாய் மதிப்புள்ள நேரம் விடுபடும். 23,760 ரூபாய்ச் செலவு ஐந்தரை மாதத்தில் ஈடாகும்.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. நேரம் மிச்சமானாலும் சம்பளம் குறையப் போவதில்லையே! உண்மைதான். அதனால், மிச்சமாகும் நேரம் எதற்குப் பயன்படும் என்பதையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். விடுபட்ட பில்களின் பட்டியல் இப்போது 19-ஆம் தேதிதான் விற்றவர்களுக்குச் செல்கிறது. அதை 16-ஆம் தேதியே அனுப்பி, தொலைபேசியிலும் நினைவூட்டினால், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் அவர்கள் பதிவேற்றும் வாய்ப்பு கூடும்.

நான்காம் படி: கடிதம்

இப்போது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அமைப்போம். அலுவலகத்தில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத நேரினும் வரிசை இதுவே. கேட்கும் தொகை முதல் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

> பொருள்: கொள்முதல் பில் சரிபார்ப்புப் பயிற்சி: ரூ.21,240-க்கு ஒப்புதல் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> கணக்குப் பிரிவில் இருவர் பவர் குவெரி பயிற்சி பெற ரூ.21,240-க்கு ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன்.
>
> தேவை: ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு மாதம் சுமார் 600 பில்களைக் கையால் ஒப்பிடுகிறோம். கடந்த மூன்று மாதக் குறிப்பின்படி இதற்குச் சராசரியாக 48 மணி ஆகிறது. பில் எண்கள் வெவ்வேறு வடிவில் இருப்பதே முதன்மைக் காரணம்.
>
> செலவு: கட்டணம் ரூ.18,000, வரி ரூ.3,240 (வரவாக எடுக்கத்தக்கது). இருவரின் வேலை நேரம் 32 மணி, மதிப்பு ரூ.5,760. வரி நீங்கலாக மொத்தம் ரூ.23,760. புதிய மென்பொருள் வாங்கத் தேவையில்லை.
>
> பயன்: 48 மணியை 24 மணியாகக் குறைப்பது இலக்கு. செலவு ஆறு மாதங்களுக்குள் ஈடாகும். மிச்சமாகும் நேரத்தில், விடுபட்ட பில்களின் பட்டியலை 16-ஆம் தேதிக்குள் விற்றவர்களுக்கு அனுப்புவோம்.
>
> பொறுப்பு: செய்முறையை எழுதி, கோப்போடு பிரிவில் வைப்போம். மூன்றாம் மாத முடிவில் நேரக் கணக்கைத் தங்களிடம் அளிப்பேன்.
>
> மாற்று வழி: ஒருவர் மட்டும் சென்றால் கட்டணம் வரியோடு ரூ.10,620. அவர் மற்றவருக்குக் கற்பிப்பார். பயன் கிட்டச் சற்றுக் காலம் கூடும்.
>
> வகுப்பு அடுத்த மாதம் 5, 6 தேதிகளில் நடைபெறுகிறது. தாக்கல் பணிக்கு இதனால் இடையூறு இல்லை. இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் பதிவு செய்ய இயலும்.

கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் விடைகள்

‘பொறுப்பு’ என்ற பத்தி, மேலாளர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது: கற்றவர் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? செய்முறை எழுத்தில் இருந்தால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

‘மாற்று வழி’ இருப்பதால், முழுத் தொகை கிடைக்காவிடினும் உரையாடல் மறுப்பில் முடியாது. ஆனால், மாற்று வழிகளை மூன்று நான்கு என அடுக்கக் கூடாது. அடுக்கினால், எது வேண்டும் என்று நமக்கே தெரியவில்லை என்ற எண்ணம் உண்டாகும்.

வகுப்பின் தேதியையும் பாருங்கள். அது 14-க்கும் 20-க்கும் இடையில் இருந்திருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருப்பினும் மேலாளர் ஒப்பியிருக்க மாட்டார். ஆண்டுத் திட்டச் செலவைப் பொறுத்தும் இப்படி ஒரு காலம் உண்டு. ஏப்ரலில் கணக்காண்டைத் தொடங்கும் நிறுவனங்களில், அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடு பெரும்பாலும் அதற்கு முந்தைய சில மாதங்களில் வரையப்படும். அவ்வேளையில் கொடுக்கப்படும் கடிதத்துக்கு ஒதுக்கீட்டில் இடம் தேடுவது எளிது.

கடிதத்தை அனுப்புமுன் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வேலையை அறியாத வேறு பிரிவு நண்பரிடம் அதைக் கொடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டு, “எவ்வளவு கேட்டிருக்கிறேன், எதற்காக, எந்தத் தேதிக்குள்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை சொன்னால், உங்கள் மேலாளராலும் நிதித் தலைவரிடம் அவற்றைச் சொல்ல முடியும். ஏதேனும் ஒன்றில் அவர் தடுமாறினால், அந்த இடத்தைத்தான் திருத்தி எழுத வேண்டும்.