ஆடும் நாற்காலியைக் கழற்றப் போகிறவனுக்கு

1. நாற்காலி ஆடுகிறது என்றதும் கொட்டாப்புளியைத் தேடாதே, கண்ணு. ஒரு கையால் காலையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்து மெல்ல அசைத்துப் பார். எந்தப் பொருத்து மயிரிழை அளவுக்கு வாயைத் திறந்து மூடுகிறதோ, அங்கேதான் உனக்கு வேலை. இறுகி நிற்பதைத் தொடாதே. தொடங்கின புதிதில் எல்லாவற்றையும் பிரித்தால்தான் வேலைக்காரன் என்று நினைத்து, நன்றாயிருந்த இரண்டு பொருத்துகளை நானே கெடுத்தேன். கூலியும் போயிற்று.

2. பசையைப் பற்றி யோசிக்கும் முன் இரும்பைத் தேடு. முன்னால் பழுது பார்த்தவன் அவசரத்தில் தலையில்லாத ஆணியை அடித்து, மேலே மக்கு பூசி மறைத்திருப்பான். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்று என் பெட்டியில் எப்போதும் கிடக்கும். பொருத்தைச் சுற்றி அதை நகர்த்தினால், ஆணி இருக்குமிடத்தில் பிடித்து இழுக்கும். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது, அதற்குக் கண்தான். இருக்கைக்கு அடியில் மூலைக்கட்டை இருந்தால் அதன் திருகாணிகளையும் கழற்று. ஒரு பெரியவரின் தேக்கு நாற்காலியில் இதைப் பார்க்காமல் தட்டினேன். ஆணி பிடித்துக்கொண்டது, கால் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

3. பிறகு பசை எது என்று தெரிந்துகொள். பொருத்தின் ஓரத்தில் பிதுங்கி உறைந்ததைக் கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டி, வெந்நீரில் நனைத்து விரலால் தேய்த்துப் பார். தேன் நிறத்தில் கண்ணாடிபோல் நொறுங்கி, நனைந்ததும் பிசுபிசுத்தால் அது பழைய வஜ்ஜிரம். வெளுத்து ரப்பர்போல் ஆனால் வெள்ளைப் பசை. இரண்டும் வினிகருக்கு இளகும். எதற்கும் மசியாமல் கல்லாய் நின்றால் அது எபாக்ஸி. அதனோடு சண்டை போடாதே. திறந்திருக்கும் இடைவெளியில் மெல்லிய ஆக்சா பிளேடை நுழைத்து முளைகளை அறுத்துவிடு.

4. சென்ற மாதம் வந்த தேக்கு நாற்காலியைச் சொல்கிறேன். முன்கால்கள் இரண்டும் பக்கச் சட்டங்களோடு ஆடின. ஒவ்வொரு பொருத்திலும் 10 மி.மீ. முளை இரண்டு. ஒன்று விட்டிருந்தது, மற்றது விடவில்லை. பாலிஷ் பொருத்தின் மேல் ஒரே தோலாய் ஓடியிருந்ததால், அது பிய்ந்து வராதபடி முதலில் பிளேடால் பொருத்துக் கோட்டைக் கீறினேன். சட்டத்தின் உட்பக்கத்தில், முளை முடிகிற இடத்தைக் குறிபார்த்து 2 மி.மீ. துளை போட்டேன். சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் வினிகர் ஏற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு தடவை விட்டேன். இடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். சும்மா இருக்கிற அந்த நேரத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் மரத்தைப் பிளக்கிறார்கள். உள்ளே இரும்பு இருந்தால் மட்டும் வினிகர் விடாதே, தேக்கில் கருப்புக் கறை ஏறிவிடும்.

5. இழுப்பது நேராக இருக்க வேண்டும். காலில் முளைத் துளைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நாரோட்டத்தில் இருக்கின்றன. முளையைப் பக்கவாட்டில் நெம்பினால் மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு நேராக விரிசல் ஓடும். அதனால் முன்கால்களையும் முன்சட்டத்தையும் ஒரே துண்டாக வைத்து முன்பக்கமாகத் தள்ளு. துணி சுற்றிய கட்டையைப் பொருத்தை ஒட்டி வைத்து, இடது ஒரு தட்டு, வலது ஒரு தட்டு. காலின் நுனியில் ஒருபோதும் தட்டாதே. விரித்துத் தள்ளுகிற மாதிரி மாற்றி மாட்டும் கிளாம்ப் இருந்தால் இன்னும் நல்லது: கால் சுற்று திருகு, நின்று கேள். மந்தமான ‘டப்’ வந்தால் பசை விடுகிறது. மெல்லிய ‘டிக்’ வந்தால் மரம் விடுகிறது. உடனே தளர்த்தி மறுபடி வினிகர் விடு.

6. முளை உள்ளேயே முறிந்தால் வெட்கப்படாதே, காலைவிட முளை மலிவு. மேலே நீட்டியிருப்பதை மட்டமாக அறுத்து, நடுவில் சின்னத் துளை போட்டு, பிறகு 9 மி.மீ. பிட்டால் குடை. சுவரில் மிஞ்சும் மெல்லிய ஓட்டைச் சின்ன உளியால் உள்நோக்கி மடக்கி எடு. நேரே 10 மி.மீ. பிட்டை இறக்கினால், கொஞ்சம் கோணினாலும் துளையே இடம் மாறிவிடும்.

7. எவ்வளவு பார்த்தும் ஒரு விரிசல் வந்தால், மூடும் முன் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. பழைய வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது என்பதால் துளைகளை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, காற்றாட மூன்று நாள் விடு. சென்ற மாதம் வந்த அந்தத் தேக்கு நாற்காலி இப்போது என் திண்ணையில் பிரித்தபடியே காய்கிறது. துண்டுகளில் இடது, வலது என்று டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வா, பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம்.