மெஷின் லேர்னிங் கோர்ஸுக்கு முன்னால்: ஒரு சீட்டுக்கட்டு, இரண்டு மஞ்சப்பை, எட்டு கோலிக்குண்டு

காந்திபுரத்தில் நேரில் போய்ப் படிக்கப் போகிறீர்களோ, வீட்டிலிருந்து ஆன்லைனில் படிக்கப் போகிறீர்களோ, பணம் கட்டும் முன் நிபந்தனை நிகழ்தகவை முடித்துவிடுங்கள். ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் புள்ளியியல் அடிப்படை நிலையிலேயே வந்துவிடும். மெஷின் லேர்னிங் அதற்கடுத்த டிப்ளமோ நிலையில்தான் வரும். அந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பவர்கள் 'நேயிவ் பேயஸ்' பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் கடைசிப் பாடத்தைத் திறந்து வையுங்கள். ஜோக்கர் நீக்கிய சீட்டுக்கட்டு ஒன்று எடுங்கள். உள்ளே தெரியாத இரண்டு பைகளில் குண்டுகளைப் போடுங்கள்: 'அ' பையில் 3 சிவப்பு, 1 நீலம், 'ஆ' பையில் 1 சிவப்பு, 3 நீலம். இன்று சாயங்காலத்துக்கு இது போதும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் பின்னத்தின் கீழே வரும் எண்ணை எழுதுங்கள். "எடுத்த சீட்டு சிவப்பு" என்று தெரிந்ததுமே 52 போய்விட்டது, மிச்சம் 26. அதில் ராஜா இரண்டு, ஆகவே அந்தச் சீட்டு ராஜாவாக இருக்க வாய்ப்பு 2/26. P(A|B) = P(A∩B)/P(B) என்ற சூத்திரமும் இதையேதான் சொல்கிறது: B-க்கு வெளியே இருப்பதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் A எத்தனை என்று பாருங்கள்.

2. சாரா நிகழ்ச்சிகளா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழுக் கட்டில் ஏஸ் வர வாய்ப்பு 4/52. சிவப்பு என்று தெரிந்த பிறகு 2/26. இரண்டும் 1/13, எனவே ஏஸும் சிவப்பும் சாரா நிகழ்ச்சிகள். இப்போது ஸ்பேடு 2-ஐ மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள். ஏஸ் வர வாய்ப்பு 4/51 ஆகிறது, சிவப்புக்குள் அதே 2/26. இனி அவை சாரா நிகழ்ச்சிகள் அல்ல. காணாமல்போன சீட்டு ஏஸும் இல்லை, சிவப்பும் இல்லை. "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்ற உள்ளுணர்வு இங்கே உதவாது.

3. எடுத்த குண்டைத் திரும்பப் போட்டீர்களா என்பதை ஒவ்வொரு கணக்கின் தலையிலும் குறியுங்கள். 'அ' பையிலிருந்து இரண்டு முறை எடுத்து இரண்டும் சிவப்பாக வர, திரும்பப் போட்டால் 3/4 × 3/4 = 9/16. போடாவிட்டால் 3/4 × 2/3 = 1/2. கேள்வியில் இது ஒரு வார்த்தையில் வந்துபோகும். விடையோ மொத்தமாக மாறிவிடும்.

4. குண்டைப் பார்க்கும் முன் பைகளை எண்ணுங்கள். 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று இருக்க, கண்ணை மூடி ஒரு பையை எடுத்து அதிலிருந்து ஒரு குண்டு எடுக்கிறீர்கள். சிவப்பு வந்தால் பை 'அ'-வாக இருக்க வாய்ப்பு 3/4. இப்போது 'அ' ஒன்று, 'ஆ' ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குண்டுகள் மொத்தம் 3 + 9 = 12, அதில் 'அ' பையுடையவை 3. எனவே வாய்ப்பு 1/4 ஆக இறங்கிவிடுகிறது. குண்டு மாறவில்லை, பைகளின் எண்ணிக்கைதான் மாறியது. எல்லாப் பையிலும் நான்கே குண்டுகள் என்பதால்தான் இப்படி நேராக எண்ண முடிந்தது. அளவு வேறுபட்டால் பேயஸ் தேற்றப்படி எடை கொடுங்கள்.

5. கையால் போட்ட விடையைச் சில வரி கோடில் சரிபாருங்கள். ஏதோ ஒரு பையை எடுக்கிறீர்கள். எது என்று தெரியாது. ஒரு குண்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, அதே பையில் மறுபடி எடுக்கிறீர்கள். முதலாவது சிவப்பு என்றால் இரண்டாவதும் சிவப்பாக வாய்ப்பு என்ன?

```python
import random
hit = total = 0
for _ in range(100000):
    bag = random.choice(["RRRB", "RBBB"])
    if random.choice(bag) == "R":
        total += 1
        hit += random.choice(bag) == "R"
print(hit / total)
```

0.5 வராது, 0.625-ஐ ஒட்டி, அதாவது 5/8 வரும். பை எது என்று தெரிந்திருந்தால் இரண்டு எடுப்புகளும் சாரா நிகழ்ச்சிகள். தெரியாவிட்டால் முதல் சிவப்பு "இது 'அ' பையாக இருக்கலாம்" என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. நிபந்தனையின் கீழ் சாராமை என்று கோர்ஸில் வருவது இதுதான். `total` எங்கே கூடுகிறது என்பதையும் கவனியுங்கள்: முதல் குண்டு சிவப்பாக வந்தால் மட்டும்.

செய்யக்கூடாதவை

1. P(A|B)-ஐத் திருப்பிப் போட்டுப் படிக்காதீர்கள். சிவப்புச் சீட்டு ராஜாவாக இருக்க வாய்ப்பு 1/13. ராஜா சிவப்பாக இருக்க வாய்ப்பு 1/2. சீட்டில் பளிச்சென்று தெரியும் இந்த வித்தியாசம், நோய்ப் பரிசோதனைக் கணக்கில் கண்ணிலேயே படாது.

2. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சாரா நிகழ்ச்சிகள் என்று எழுதாதீர்கள். ஒரே சீட்டு ராஜாவாகவும் ராணியாகவும் இருக்காது. ராஜா என்று தெரிந்ததும் ராணிக்கான வாய்ப்பு 4/52-லிருந்து பூச்சியம் ஆகிவிடுகிறது. ஒன்று இன்னொன்றை இதைவிட அதிகமாகப் பாதிக்க முடியாது.

3. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததன் நிகழ்தகவை மாற்றாது என்று நினைக்காதீர்கள். 'அ' பையில் முதல் குண்டைப் பார்க்காமல் மேசை மேல் மூடி வையுங்கள். இரண்டாவதை எடுத்துப் பாருங்கள், சிவப்பு. மூடி வைத்தது சிவப்பாக இருக்க இப்போது 3/4 இல்லை, 2/3. குண்டு நிறம் மாறவில்லை. உங்களுக்குத் தெரிந்தது மாறியது. நிபந்தனை என்பது தகவலைப் பற்றியது, கடிகாரத்தைப் பற்றியதல்ல.

4. சாராமையைச் சோதிக்காமல் பெருக்காதீர்கள். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. திடீர் சிசு மரணத்துக்கான வாய்ப்பு 8,543-ல் ஒன்று என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 7.3 கோடியில் ஒன்று என்றார் அந்தத் தாய் மீதான கொலை வழக்கில் வந்த நிபுணர் சாட்சி. ஒரே வீட்டின் இரண்டு குழந்தைகளுக்குப் பொதுவான பரம்பரைக் காரணங்கள் இருக்கலாம் என்பதால் அந்தப் பெருக்கல் செல்லாது. 1999-ல் சாலி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2001-ல் ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி அந்தக் கணக்கைக் கண்டித்தது. 2003-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது.

5. ஒரே சாட்சியை இரண்டாக எண்ணாதீர்கள். 'அ', 'ஆ' ஒவ்வொன்றுதான் இருக்கின்றன. ஒரு சிவப்புக் குண்டை எடுத்து, அதையே இருமுறை பார்த்து, இரண்டு சிவப்பு என்று கணக்கில் ஏற்றினால் 'அ' பைக்கான வாய்ப்பு 9/10 என்று வரும். உண்மை விடை 3/4-தான். நேயிவ் பேயஸ் மெயில்களைப் பிரிக்கும்போது, எப்போதும் சேர்ந்தே வரும் 'லோன்', 'வட்டி' போன்ற சொற்களைத் தனித்தனிச் சாட்சிகளாகப் பெருக்கி இதையேதான் செய்கிறது. ஸ்பேம் எது என்று அது பெரும்பாலும் சரியாகவே பிரிக்கலாம். ஆனால் பக்கத்தில் 0.999 என்று காட்டுவதை அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள்.