தலைவர்களின் பதிவில் கருத்து எழுதும்போது…

லிங்க்ட்இன்னில் ‘அருமை சார்!’ என்று எழுதுபவரை யாரும் கவனிப்பதில்லை. வேலை தேடுபவர்கள் இப்படிச் செய்யலாம்.

1. நிறுவனத் தலைவரை விட, நீங்கள் சேர விரும்பும் குழுவின் மேலாளரைப் பின்தொடருங்கள். ஆள் எடுப்பதில் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம். அவர் பக்கத்தில் உள்ள மணிக் குறியை அழுத்தினால், பதிவு வந்ததும் தெரியும்.

2. உங்கள் அனுபவத்தில் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். ‘தானியங்கிச் சோதனைகள் காரணமில்லாமல் தோற்கின்றன’ என்று ஒரு மேலாளர் எழுதுகிறார் என்று வையுங்கள். நீங்கள் இப்படி எழுதலாம்: “எங்களுக்கும் இதே தலைவலி. ஐந்து நொடி காத்திருக்கச் சொல்லியிருந்ததை, பொத்தான் தோன்றும்வரை காத்திருக்கும்படி மாற்றினோம், பெரும்பாலும் நின்றது. உங்களுக்கும் நேரச் சிக்கல்தானா, சோதனைத் தரவா?” இவருக்கு வேலை தெரியும் என்பது இதிலேயே விளங்கிவிடும். கடைசிக் கேள்வி அவரைப் பதில் எழுத வைக்கும்.

3. பெயருக்குக் கீழுள்ள வரியில் தொழிலை முதலில் போடுங்கள். கருத்தின் அருகே அதன் தொடக்கம் மட்டுமே தெரியும்.

4. கருத்தில் வேலை கேட்காதீர்கள். அவர் பதில் எழுதிய பிறகு, அதைக் குறிப்பிட்டு இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள்.

5. இப்போதைய நிறுவனத்தின் உள்விவகாரம் வேண்டாம். உங்கள் கருத்து உங்கள் மேலதிகாரி கண்ணிலும் படலாம்!