முதலும் மாதமும்

ஒருவர் தம் கைப்பொருளைக் கொண்டே வாணிகம் செய்வாராயின், ஆண்டின் முடிவில் வரும் இலாபம் முழுவதும் அவருக்கே உரியது. கணக்கில் சிக்கல் ஏதும் இல்லை. பலர் கூடி முதலிட்டால்தான் பங்கீடு என்னும் கேள்வி எழுகின்றது. எல்லாரும் ஒரே நாளில் முதலிட்டு, ஆண்டு முழுவதும் அதை எடுக்காமல் வைத்திருந்தால் அக்கேள்விக்கும் விடை எளிது; முதலின் விகிதத்தில் பிரித்துவிடலாம். ஆனால் கடை திறந்தபின் ஒருவரும், அவருக்குப்பின் மற்றொருவருமாகச் சேர்ந்தால் என்ன செய்வது?

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். நெசவுத் தொழிலை அறிந்த முதியவர் ஒருவர் ஏப்ரல் முதல் நாள் அறுபதாயிரம் ரூபாய் முதலிட்டுக் கடையைத் தொடங்குகிறார். ஜூலை முதல் நாள் நூல் வணிகர் ஒருவர் எண்பதாயிரம் ரூபாயுடன் வந்து சேர்கிறார். தீபாவளிச் சரக்குக் கொள்முதல் செய்யப் பணம் போதவில்லை. ஆகவே அக்டோபர் முதல் நாள் நிலக்கிழார் ஒருவர் ஓர் இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் தந்து மூன்றாம் பங்காளி ஆகிறார். மார்ச்சு மாத இறுதியில் கணக்கு முடிக்கிறார்கள். இலாபம் 40,950 ரூபாய்.

நிலக்கிழார், “நாங்கள் இட்ட முதல் மூன்று, நான்கு, ஆறு என்னும் விகிதத்தில் இருக்கிறது. பதின்மூன்று பங்குகளில் ஆறு பங்கு எனக்கு உரியது. ஆகவே 18,900 ரூபாய் தாருங்கள்” என்கிறார். அவர் சொல்லும் முறைப்படி நூல் வணிகருக்கு 12,600 ரூபாயும், முதியவருக்கு 9,450 ரூபாயும் கிடைக்கும். முதியவர் இதற்கு இசையவில்லை. “என் பணம் பன்னிரண்டு மாதம் இக்கடையில் உழைத்தது, உங்கள் பணம் ஆறு மாதமே உழைத்தது. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது எங்ஙனம் பொருந்தும்?” என்று கேட்கிறார்.

முதியவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயலில் வேலை செய்தோருக்குக் கூலி கொடுக்கும்போது எத்தனை ஆள் என்று மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை நாள் என்றும் பார்க்கிறோம். நான்கு ஆட்கள் மூன்று நாள் செய்த வேலையும், மூன்று ஆட்கள் நான்கு நாள் செய்த வேலையும் பன்னிரண்டு ஆள் வேலையே ஆகும். பணத்தையும் அவ்வாறே ஓர் உழைப்பாளியாகக் கருதலாம். ஒரு ரூபாய் ஒரு மாதம் வாணிகத்தில் இருப்பதை ஓர் அலகாகக் கொள்ளுங்கள். முதியவரின் அறுபதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 7,20,000 அலகுகள் வருகின்றன. நூல் வணிகரின் எண்பதாயிரத்தை ஒன்பதால் பெருக்கினாலும் அதே 7,20,000. நிலக்கிழாரின் ஓர் இலட்சத்து இருபதாயிரத்தை ஆறால் பெருக்கினாலும் அதே எண் வருகிறது! இட்ட முதல் வேறாயினும் மூவருடைய பணமும் ஒரே அளவு உழைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் 13,650 ரூபாய் சேரும்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது பெருக்கலில் அன்று, மாதங்களை எண்ணுவதில்தான். ஜூலை நான்காவது மாதம் ஆகையால் பன்னிரண்டில் நான்கைக் கழித்து எட்டு என்று எழுதிவிடுவர். ஜூலை முதல் நாளில் வந்த பணம் ஜூலை மாதம் முழுவதும் கடையில் இருந்தது. கழிந்தவை ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களே. ஆகவே எஞ்சியவை ஒன்பது. இத்தவறு எளிதில் வெளிப்படாது. பங்குகளைக் கூட்டினால் மொத்த இலாபம் சரியாகவே வந்துவிடும். மாதத்தைத் தவறாக எண்ணினாலும் அது சரியாகவே வரும். எனவே வேறொரு சோதனை வேண்டும். கடையில் மாதந்தோறும் இருந்த மொத்த முதலைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் அறுபதாயிரம், அடுத்த மூன்று மாதம் ஓர் இலட்சத்து நாற்பதாயிரம், கடைசி ஆறு மாதம் இரண்டு இலட்சத்து அறுபதாயிரம். அவற்றுக்குரிய அலகுகள் முறையே 1,80,000, 4,20,000, 15,60,000. இவற்றின் கூட்டுத்தொகை 21,60,000. மூவருடைய அலகுகளைக் கூட்டினாலும் இதுவே வர வேண்டும். வரவில்லையெனின் யாரோ ஒருவருடைய மாதம் பிழையாக எண்ணப்பட்டிருக்கிறது. மாதத்தின் நடுவே ஒருவர் சேர்ந்தால், எல்லாருக்குமே மாதத்தை விட்டு நாட்களால் பெருக்குவது நேரியது.

முதலை இடையில் எடுத்தாலும் இம்முறை தடுமாறாது. முதியவர் தம் மகளின் திருமணத்திற்காக ஜனவரி முதல் நாள் இருபதாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அறுபதாயிரம் ஒன்பது மாதம் இருந்தது; அது 5,40,000. நாற்பதாயிரம் மூன்று மாதம் இருந்தது, அது 1,20,000. இரண்டும் சேர்ந்து 6,60,000 ஆகும். இப்போது விகிதம் பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. அதே 40,950 ரூபாயில் முதியவருக்கு 12,870 ரூபாயும், மற்ற இருவருக்கும் தனித்தனியே 14,040 ரூபாயும் கிடைக்கும்.

இவ்வளவு ஒழுங்கான முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எந்த மாதத்தில் இருந்தாலும் ஒரு ரூபாய் ஒரே அளவு இலாபம் ஈட்டும் என்று இம்முறை கொள்கிறது. துணிக்கடையில் அது உண்மையாவதில்லை. ஆனி மாதத்தில் ஈ ஓட்டும் கடை, தீபாவளிக்கு முன் கால் வைக்க இடமின்றி நிறைந்திருக்கும். யாரும் முதலை இடையில் எடுக்காத முதற்கணக்கையே மீண்டும் கொள்வோம். புதியவர் சேரும் நாள்தோறும் சரக்கை மதிப்பிட்டுக் கணக்கை முடித்தார்கள் எனின், விடை மாறும். முதல் மூன்று மாத இலாபம் 1,450 ரூபாய், அடுத்த மூன்று மாத இலாபம் 7,000 ரூபாய், கடைசி ஆறு மாத இலாபம் 32,500 ரூபாய் என்று கணக்குக் காட்டுகிறது என்போம். முதற்பகுதி முழுவதும் முதியவருக்கே உரியது. இரண்டாம் பகுதியை முதியவரும் நூல் வணிகரும் மூன்றுக்கு நான்காகவும், மூன்றாம் பகுதியை மூவரும் மூன்று, நான்கு, ஆறாகவும் பிரித்துக்கொள்வர். முடிவில் முதியவருக்கு 11,950 ரூபாயும், நூல் வணிகருக்கு 14,000 ரூபாயும், நிலக்கிழாருக்கு 15,000 ரூபாயும் சேரும். நிலக்கிழாரின் பணம் தக்க பருவத்தில் வந்தது. அதன் பயன் அவருக்குக் கிடைக்கிறது. இம்முறையே நுட்பமானது என்பது என் கருத்து. ஆயினும் ஒவ்வொரு முறையும் பீரோக்களைத் திறந்து துணிகளை எண்ணி விலை மதிப்பிடும் உழைப்புக்கு அஞ்சியே பலர் மாதப் பெருக்கத்தோடு நின்றுவிடுகின்றனர்.

இம்முறைகளுள் எதைக் கையாள்வது என்பதைப் பங்காளிகள் முன்னதாகவே பேசி, ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டு வாணிகச் சட்டம், இட்ட முதலையும் பார்ப்பதில்லை. இருந்த மாதத்தையும் பார்ப்பதில்லை. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும், நட்டத்தையும் அவ்வாறே தாங்க வேண்டும் என்று அது கூறுகிறது. அதனால் முதியவர் பணம் எடுத்த ஆண்டிலும், எழுதிய உடன்பாடோ பேசிய உடன்பாடோ இல்லையெனில், மூவருக்கும் 13,650 ரூபாயே கிடைக்கும். மேலும், நாள் முழுவதும் கடையில் அமர்ந்து வியாபாரம் பார்த்தவர் அவரே ஆயினும், ஒப்பந்தம் இன்றி அதற்கெனத் தனி ஊதியம் கேட்கவும் அச்சட்டம் இடந்தருவதில்லை.